பத்தாயிரம் என்று போட்டுவிட்டு ஆறாயிரம் தருவது ஏமாற்றா? பவர் பேங்க் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பவர் பேங்க் வாங்கும் யோசனை இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

மழைக்காலம் தொடங்கினால் எனக்கு இன்பொக்ஸில் வரும் கேள்விகளில் பாதி இதுதான். "சேர், என்ட போன் பெட்டரி ஐயாயிரம். பத்தாயிரம் பவர் பேங்க் வாங்கினேன். ரெண்டு தரம் புல் சார்ஜ் ஏறணும்தானே? ஒன்றரைத் தரத்துக்குக் கிட்டப் போய் நிண்டுடுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

என் பதில்: இல்லை, அவர் ஏமாற்றவில்லை. உங்களுக்குக் கிடைத்தது நல்ல சாமான். பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் பிரித்து இரண்டு என்று எடுத்த கணக்குத்தான் பிழை. அந்தக் கணக்கைச் செய்யத் தூண்டுகிற மாதிரி பெட்டியில் பெரிய எழுத்தில் எண் போடுகிறார்களே, என் கோபம் அதன் மீதுதான்.

ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. உள்ளங்கை அளவு பெட்டி, மேலே 50,000 என்று மின்னும். விலையோ நல்ல பத்தாயிரத்தை விடக் குறைவு. அது அப்பட்டமான ஏமாற்று. சாமான் நல்லதாக இருந்தும் ஏமாந்ததாக நினைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள், உண்மையில் ஏமாந்தும் அது தெரியாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்து அறிய எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

எம்.ஏ.எச் என்றால் மில்லி அம்பியர் அவர். எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணித்தியாலம் தர முடியும் என்பதன் அளவு. அது எந்த வோல்டில் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த எண் பாதிக் கதைதான். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லீட்டர் என்று சொன்னால் அளவு தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் அதற்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று சொல்லலாம். எம்.ஏ.எச் என்பது லீட்டர் மாதிரி, வோல்ட் என்பது உயரம் மாதிரி. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாட் அவர். அதுதான் உண்மையான சக்தியின் அளவு. நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் அவர்.

பவர் பேங்கின் உள்ளே இருப்பது லித்தியம் பெட்டரி. அது நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் இருக்கும், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம் இறங்கும். சராசரியாக 3.7 வோல்ட் என்று எடுப்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் பத்தாயிரம் என்பது அந்த உள் பெட்டரியின் அளவு, அந்த 3.7 வோல்டில். ஆகவே சக்தி இவ்வளவு:

10,000 × 3.7 ÷ 1,000 = 37 வாட் அவர்.

இந்த 37 தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. இனி இதை மட்டும் பின்தொடர்ந்து போவோம்.

யூ.எஸ்.பி துளையில் 3.7 வோல்ட் வருவதில்லை, குறைந்தது 5 வோல்ட் வரவேண்டும். எனவே பவர் பேங்குக்குள் இருக்கும் ஒரு சிறு சர்க்கிட் 3.7 வோல்டை 5 ஆக உயர்த்துகிறது. உயரம் கூடினால் அதே சக்திக்கு லீட்டர் குறையும். 37 ஐ 5 ஆல் பிரித்தால் 7.4, அதாவது 7,400 எம்.ஏ.எச். ஒரு சொட்டுக் கூட வீணாகாவிட்டாலும் வெளியே வரும் எண் 7,400 தான். இது நட்டம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளை மாற்றினால் தாளின் எண்ணிக்கை மாறும், பெறுமதி மாறாது. அதுபோல.

உண்மையான நட்டம் அடுத்துத்தான் வருகிறது. வோல்டை உயர்த்தும் அந்தச் சர்க்கிட் சும்மா வேலை செய்வதில்லை, கூலி எடுக்கும். போன் சார்ஜ் ஆகும்போது பவர் பேங்கைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூடுதான் கூலி. நல்ல தயாரிப்பில் 10 முதல் 15 வீதம் இப்படிப் போகும். 15 வீதம் என்று வைத்தால் 37 இல் வெளியே வருவது ஏறக்குறைய 31.5 வாட் அவர். இதை 5 வோல்டில் எம்.ஏ.எச் ஆக்கினால் 6,300. தலைப்பில் உள்ள ஆறாயிரம் இங்கிருந்துதான் வருகிறது.

இன்னும் முடியவில்லை. போனுக்குள் போனதும் அந்த 5 வோல்டை (வேகச் சார்ஜ் என்றால் 9 வோல்டை) போன் திரும்பவும் தன் பெட்டரிக்கு ஏற்ற மாதிரி இறக்க வேண்டும். அங்கேயும் சூடு, அங்கேயும் கூலி. போன் சூடாவது அதனால்தான். அதுவும் 10 வீதத்துக்கு மேல் என்று வையுங்கள். நான் 12 எடுக்கிறேன். 31.5 இல் 12 வீதம் போனால் 27.7 வாட் அவர் போன் பெட்டரிக்குள் போய்ச் சேரும்.

இப்போது போன் பக்கம். ஐயாயிரம் எம்.ஏ.எச் போன் பெட்டரி பொதுவாக 3.85 வோல்ட் அளவில் கணக்கிடப்படும். அப்படியென்றால் அது நிரம்பத் தேவை 19.25 வாட் அவர். 27.7 ஐ 19.25 ஆல் பிரியுங்கள். 1.44 வரும்.

ஒன்றரைத் தரத்துக்குக் கிட்டப் போய் நிற்கிறது என்று அந்தச் சகோதரர் சொன்னாரே, அதுவேதான். அவருடைய பவர் பேங்க் நேர்மையாக வேலை செய்கிறது.

இவ்வளவு கணக்கும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். பத்தாயிரம் என்றால் 6,600 என்று எடுங்கள். இருபதாயிரம் என்றால் 13,000. அதை உங்கள் போன் பெட்டரியின் எண்ணால் பிரியுங்கள். நான் மேலே செய்தது புதுச் சாமானுக்கும் நல்ல கேபிளுக்கும் உரிய கணக்கு, அதனால் 1.44 வந்தது. மூன்றில் இரண்டு என்று எடுத்தால் 1.3 வரும். அன்றாடப் பாவனையில் அதுதான் பொருந்தும். மெல்லிய மலிவுக் கேபிளில் கொஞ்சம் போகும். சார்ஜில் போட்டபடி வீடியோ பார்த்தால் ஏறும் கரண்ட் பெட்டரிக்குப் போகாமல் நேரே திரைக்குப் போகும். வயர் இல்லாமல் மேலே வைத்து ஏற்றுகிற வகையென்றால் மூன்றில் இரண்டு கூடக் கிடைக்காது, அதில் நட்டம் இன்னும் அதிகம்.

இப்போது நேர்மையானதையும் போலியையும் பிரிக்கும் விடயத்துக்கு வருவோம்.

பவர் பேங்கின் பின்பக்கம் அல்லது அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். போன் கெமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல தயாரிப்பில் இரண்டு விடயம் இருக்கும். ஒன்று, 37 வாட் அவர் என்று சக்தியின் அளவு. இரண்டு, "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று இன்னொரு எண். முன்பக்கம் 10,000 என்று போட்ட அதே கம்பனி இங்கே 5 வோல்டில் 5,800 என்றோ 6,200 என்றோ எழுதியிருக்கும். இந்தச் சின்ன எண்தான் வெளியே கிடைக்கும் அளவு. இந்த வரியைப் பார்த்து "இது டூப்ளிகேட் போல, குறைச்சுப் போட்டிருக்கான்" என்று திருப்பி வைத்துவிட்டு, அந்த வரியே இல்லாத 50,000 ஐ வாங்கிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். நேர்மையாக எழுதியவனுக்கு வியாபாரம் போகிறது, எழுதாதவனுக்குக் கிடைக்கிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

இரண்டாவது, நிறை. லித்தியம் பெட்டரியை நிறையில்லாமல் செய்ய எவராலும் முடியாது. நேர்மையான பத்தாயிரம் சுமார் 200 கிராம் இருக்கும், இருபதாயிரம் 350 முதல் 450 கிராம். சரி, 50,000 எவ்வளவு இருக்க வேண்டும்? டோர்ச்சில் போடும் உருளை வடிவப் பெட்டரி, 18650 என்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒன்று 45 கிராம் வரும். நல்ல தரத்தில் ஒன்றுக்குள் 3,500 எம்.ஏ.எச் வரை பிடிக்கும். 50,000 க்கு அப்படிப் பதினைந்து வேண்டும். பெட்டரி மட்டும் 675 கிராம். கூடு, சர்க்கிட் எல்லாம் சேர்த்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். அது சட்டைப் பையில் போகுமா? கடையில் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள். 250 கிராமில் 50,000 என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு வீட்டுச் சோதனை. மீட்டர் எதுவும் வேண்டாம். பவர் பேங்கை முழுதாக நிரப்புங்கள். போன் பெட்டரி 10 வீதம் வரை இறங்கியதும் பிளைட் மோடில் போட்டு, திரையை அணைத்து, ஏற்றுங்கள். எத்தனை வீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். போன் நிரம்பினால் கழற்றி, பாவித்து, மறுபடி இறங்கியதும் திரும்ப ஏற்றுங்கள். பவர் பேங்க் காலியாகும் வரை இப்படிச் செய்து ஏறிய வீதங்களை எல்லாம் கூட்டுங்கள். ஐயாயிரம் பெட்டரி உள்ள, அதிகம் பழையதாகாத போன் என்றால் நேர்மையான பத்தாயிரம் மொத்தம் 130 முதல் 145 வரை தர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு ராத்தா, மகன் உயர்தரம் எழுதும் வருடம், சீட்டுக் காசில் 50,000 என்று போட்ட ஒன்றை வாங்கிவிட்டார். மகன் இரவில் போனில்தான் பாடம் பார்க்கிறான், கரண்ட் போனால் படிப்பு நிற்கிறது என்பது அவர் கவலை. பெட்டியில் உள்ள எண்படி பார்த்தால் நேர்மையான 50,000 மகனின் ஐயாயிரம் போனுக்கு ஏழு தரம் ஏற்ற வேண்டும், வீதத்தில் 700. அவனையே இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். மூன்று நாள் குறித்து வந்தான். மொத்தம் 110 வீதம். விகிதக் கணக்கு போடுங்கள்: 144 வீதம் தருவது பத்தாயிரம் என்றால் 110 வீதம் தருவது ஏறக்குறைய 7,600. ஐம்பதாயிரம் என்று வாங்கியது ஏழரை ஆயிரம். அதே காசுக்கு ஒழுங்கான பத்தாயிரம் வாங்கியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு இரவும் இன்னொரு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

கடைக்குத் திருப்பிக் கொண்டு போனார். "எல்லாக் கம்பனியும் இப்படித்தான் ராத்தா, எழுதின மாதிரி ஒண்டும் வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாருங்கள், உண்மையான அறிவியல் காரணம் ஒன்று பொய்க்குப் போர்வையாகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு குறைவது இயற்கை. ஏழில் ஆறு பங்கு குறைவது இயற்கை அல்ல. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் கடையில் நின்று நாம் பேசலாம்.

சரி, எவ்வளவு வாங்குவது?

பெரியது நல்லது என்று நினைப்பவர்களுக்கு என் கருத்து வேறு. ஒரு போன், ஒரு ஆள் என்றால் பத்தாயிரம் போதும். உம்மா, வாப்பா, பிள்ளை என்று இரண்டு மூன்று போன் இருந்தால் இருபதாயிரம். அதற்கு மேல் வீட்டுப் பாவனைக்குத் தேவை வருவது அரிது.

காரணம், வெளியே வருவதைப் பற்றித்தான் எல்லாரும் யோசிக்கிறோம், உள்ளே போவதை யோசிப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கும். கரண்ட் வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் நிரப்ப வேண்டும். இருபதாயிரத்தில் 74 வாட் அவர் பிடிக்கும். ஏற்றும்போதும் 15 வீதம் சூடாகப் போகும் என்பதால் 87 கொடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம். பத்தாயிரம் என்றால் நாலரை. நிரம்பாத இருபதாயிரத்தை விட நிரம்பிய பத்தாயிரம் மேல். பெரியது வாங்குபவர்கள் 18 வாட் அல்லது அதற்கு மேல் உள்ளே வாங்கக் கூடியதா என்று பார்த்து, அதற்கேற்ற சார்ஜரும் வைத்திருங்கள். அப்போது இருபதாயிரம் ஐந்து மணித்தியாலத்தில் நிரம்பும்.

ரவுட்டருக்குக் கொடுக்க வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 5 வோல்டை 12 ஆக்கும் கேபிள் ஒன்று வேண்டும், அதிலும் கொஞ்சம் கூலி போகும். சாதாரண ரவுட்டர் 6 வாட் அளவு எடுத்தால், பத்தாயிரத்தில் நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்கு அது போதுமா என்று நீங்களே முடிவெடுங்கள்.

உம்ராவுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகிறவர்களுக்கு இதே வாட் அவர் கணக்கு விமானத்திலும் வரும். 100 வாட் அவர் வரைதான் தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம், அது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். அதுவும் கையில் கொண்டு போகும் பையில்தான், லக்கேஜில் போடவே கூடாது. 160 ஐத் தாண்டினால் பயணிகள் கொண்டு போக முடியாது. 50,000 என்றால் 185 வாட் அவர். ஆகவே உங்கள் 50,000 உண்மையாக இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினால் அது உண்மையில்லை. எண் அழிந்த, வாட் அவர் போடாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடலாம். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபரில் இருந்து விமானத்துக்குள் பவர் பேங்கைப் பாவிக்கவே தடை போட்டுள்ளது, ஒன்றுதான் கொண்டும் போகலாம். மற்ற விமானங்களின் விதியை டிக்கட் எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். எந்த நல்ல பவர் பேங்கும் காலத்தோடு தேயும். சில நூறு தரம் நிரப்பிக் காலியாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். பூட்டிய வாகனத்தின் வெயிலில் விட்டால் இன்னும் சீக்கிரம். "இந்த வருசம் குறைஞ்சு போச்சு" என்றால் அது வயசு. வாங்கிய முதல் நாளே குறைவென்றால் அது வேறு. உடல் வீங்கியிருந்தால், கூடு பிளந்து வந்தால் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். பாவனையை நிறுத்தி, எரியாத தரையில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம்.

எங்கள் ஊர்க் கடைக்கார நாநாமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் தெரிந்தே விற்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. மொத்தக் கடையில் வருவதை அடுக்குகிறீர்கள். ஆனால் வாட் அவர் எண் இல்லாத பெட்டியை இறக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு சமையல் தராசு மட்டும்தான். சாமான் வாங்கும் இடத்தில் வைத்து நிறுத்தாலே பாதிப் போலி அங்கேயே நின்றுவிடும். "இது பத்தாயிரம், உங்கட போனுக்கு ஒண்டேகால், ஒண்டரைத் தரம் வரும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி விற்றுப் பாருங்கள். அந்த ஆள் திரும்பி வந்து சண்டை பிடிக்க மாட்டார்.

வாங்குகிறவர்களும் பில் எடுங்கள், அதில் எத்தனை எம்.ஏ.எச் என்று எழுதச் சொல்லுங்கள். பில் இருந்தால்தான் பேசலாம். கடையில் தீராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ராத்தாவிடம் பில் இல்லை, அதனால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

உங்களிடம் இருப்பதன் பின்பக்க எழுத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டுச் சோதனை செய்தவர்கள் மொத்த வீதத்தையும் போன் மொடலையும் எழுதுங்கள். எந்தச் சாமான் எவ்வளவு தருகிறது என்று ஊருக்கே ஒரு பட்டியல் ஆகிவிடும். கடையின் பெயர் மட்டும் வேண்டாம், சாமானின் பெயர் போதும்.